"கடைக்கு ஓர் ஆப் வேண்டும்" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை

மென்பொருள் வேலையைத் தனியாக எடுத்துச் செய்யத் தொடங்கும் ஒருவருக்கு முதல் வாடிக்கையாளராக வருபவர் பெரும்பாலும் தெரிந்த கடைக்காரராகவே இருப்பார். அவர் கேட்பது ஒரே வாக்கியம்: "தம்பி, நம்ம கடைக்கு ஒரு ஆப் போட்டுக் குடு." அந்த வாக்கியத்தை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினால், மூன்று மாதம் கழித்தும் முடியாத ஒன்று கையில் இருக்கும். விலை சொல்வதற்கு முன்பே அந்த வாக்கியத்தைச் சில கேள்விகளால் சுருக்கி, இரண்டு வாரத்துக்குள் முடியக்கூடிய ஒரு வேலையாக மாற்றுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு மாதிரிக் கடையை வைத்துக்கொள்வோம். இது எந்தத் தனிக் கடையும் அன்று. நீலகிரியில் காணக்கூடிய பல கடைகளின் நிலையைச் சேர்த்து அமைத்தது. கடை குன்னூரில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. டீத்தூள், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், நீலகிரித் தைலம் ஆகியவை விற்பனையாகின்றன. உரிமையாளர், அவருடைய மனைவி, ஒரு பையன் என மூன்று பேர் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது

கடைக்காரர் "ஆப்" என்று சொல்லும்போது அவர் மனத்தில் குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்களில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். வாடிக்கையாளர் தம் கைபேசியில் பொருளைப் பார்த்துப் பணம் கட்டும் ஆப் ஒன்று. கல்லாவில் பில் போடும் ஆப் இன்னொன்று. சரக்கு இருப்பைக் கணக்கு வைப்பது மூன்றாவது. வந்த ஆர்டர்களைத் தவறவிடாமல் அனுப்புவதற்கான பதிவேடு நான்காவது. இவை ஒரே ஆப்பின் நான்கு திரைகள் என்று புதியவருக்குத் தோன்றும். உண்மையில் இவற்றைப் பயன்படுத்தும் ஆள் வேறு, தேவைப்படும் நேரம் வேறு, தவறினால் வரும் நட்டமும் வேறு.

இவற்றில் கடைக்காரர்கள் முதலில் வாயால் சொல்வது வாடிக்கையாளர் ஆப்பைத்தான். அதுதான் வேலையிலும் பெரியது. அதன் பின்னால் என்னென்ன நிற்கின்றன என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கூகுள் பிளே ஸ்டோரில் வெளியிடக் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்காக இருந்தால், ஆப்பைப் பொதுவெளியில் விடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனைக்குழுவில் இருந்தாக வேண்டும். ஆப்பிளில் ஆண்டுக் கட்டணமே 99 டாலர். வாடிக்கையாளர் உள்ளே நுழைய எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்புவதென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, வணிக எஸ்எம்எஸ்களைப் பதிவுசெய்யும் டிஎல்டி தளத்தில் அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். வர்க்கியின் படம் ஒன்றுகூட இன்னும் திரையில் வரவில்லை. அதற்குள் இவ்வளவு வேலை.

இதைக் கடைக்காரரிடம் ஒப்பித்து அவரைப் பயமுறுத்துவதில் பயனில்லை. அவருக்கு உண்மையிலேயே இது வேண்டுமா என்று கண்டறியும்வரை மனத்தில் வைத்திருந்தால் போதும்.

எங்கே, எப்போது கேட்பது

கேள்விகளைக் கைபேசியில் கேட்காமல் கடையில் உட்கார்ந்து கேளுங்கள். ஏப்ரல், மே சீசனிலும் வாரக் கடைசியிலும் போகாதீர்கள். மழை பெய்யும் ஒரு வாரநாள் பிற்பகலில் போனால் அவரும் நிதானமாகப் பேசுவார், நோட்டையும் எடுத்துக் காட்டுவார். கேள்விகள் ஐந்தைத் தாண்ட வேண்டாம். இருபது கேள்விகள் அச்சிட்ட படிவத்தை நீட்டினால், அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா, அதுவும் வேணும்" என்பார். வேலை சுருங்குவதற்குப் பதிலாக வீங்கிவிடும்.

முதல் கேள்வி: கடைசியாகச் சிக்கல் வந்தது எப்போது, அன்று என்ன நடந்தது?

"ஆப்பில் என்னென்ன வேண்டும்" என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் தாங்கள் பார்த்த பெரிய ஆப்களை நினைவுகூர்ந்துதான் பதில் சொல்வார்கள். மாறாக, நடந்து முடிந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் அவர்களிடமிருந்து உண்மைச் செய்தி வரும். நம் மாதிரிக் கடையில் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்.

"அண்ணே, ஆப் இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்னு கடைசியா எப்ப நெனச்சீங்க?"

"போன வாரம்தான் தம்பி. மதுரையில இருந்து ஒரு அம்மா. சீசன்ல வந்தப்ப நம்மகிட்ட டீத்தூள் வாங்கிட்டுப் போனவங்க. வாட்ஸ்அப்ல ஆர்டர் போட்டு, பணமும் அனுப்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு போன் பண்ணி, இன்னும் வரலியேன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு."

"ஆர்டர் எங்க போச்சுண்ணே?"

"மெசேஜ் கீழ போயிருச்சு. பணம் வந்தது தெரியுது, யாரு எதுக்கு அனுப்புனாங்கன்னு தெரியல. அதே நாள்ல அதே 640 ரூபா ரெண்டு பேர் அனுப்பியிருக்காங்க."

இந்த நான்கைந்து வரிகளில் முழு வேலையும் அடங்கிவிட்டது. ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் அவருக்குச் சிக்கல் இல்லை. பணம் யுபிஐயில் வருகிறது. அதிலும் சிக்கல் இல்லை. வந்த ஆர்டரையும் வந்த பணத்தையும் ஒன்றோடொன்று இணைத்து, பார்சல் போயிற்றா இல்லையா என்று காட்டும் இடம் ஒன்று இல்லை. அவருக்கு வேண்டியது மேலே சொன்ன நான்கில் கடைசியான பதிவேடு. ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததோ வாடிக்கையாளர் ஆப்பின் பெயர்.

இந்தக் கேள்விக்கு அவர் பொதுவாக, "இப்பல்லாம் எல்லாரும் ஆன்லைன்ல வாங்குறாங்க" என்று பதில் சொன்னால் விட்டுவிடாதீர்கள். "சரிண்ணே, ஒரு ஆர்டர் சொல்லுங்க, யாரு, எந்த ஊரு" என்று மறுபடியும் ஒரே ஒரு நிகழ்வுக்குக் கொண்டுவாருங்கள். அப்படி ஒரு நிகழ்வைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை என்றால், அவருக்கு இப்போதைக்கு ஆப் தேவைப்படவில்லை என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம். எதிர்க் கடையில் ஒரு க்யூஆர் அட்டையைப் பார்த்துவிட்டு வந்த ஆசையாக அது இருக்கலாம். அதற்கு ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்தாலே போதும்.

இரண்டாம் கேள்வி: இதை யார் தொடுவார்கள், எந்தக் கைபேசியில், எங்கே நின்று?

முதலில் வாடிக்கையாளர் பக்கத்தைப் பாருங்கள். குன்னூருக்கு வந்துபோகும் பயணி கடைக்கு ஒருமுறை வருகிறார். திரும்ப வாங்குபவர் சமவெளியில் இருந்துகொண்டு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை டீத்தூள் வரவழைப்பவர். அவரிடம் கடையின் வாட்ஸ்அப் எண் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறைக்காக அவர் தனி ஆப் ஒன்றை இறக்கி வைத்துக்கொள்வாரா என்று கடைக்காரரையே கேளுங்கள். நீங்கள் மறுப்பதைவிட, "ம், பண்ண மாட்டாங்கதான்" என்று அவரே சொல்வது நூறு மடங்கு மேல். ஏனெனில் அடுத்த வாரம் அந்த ஆசை திரும்ப வரும்போது அவருடைய பதிலையே அவருக்கு நினைவூட்டலாம்.

அடுத்து, கடைக்குள் யார் எழுதுவார்கள்? மாதிரிக் கடையில் ஆர்டரை வாசிப்பவர் உரிமையாளரின் மனைவி. பார்சல் கட்டுவது பையன். கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதும் பையனே. எல்லாம் கடையின் ஒரே கைபேசியில் நடக்கிறது. எழுதுபவர் ஒருவர், கைபேசி ஒன்று என்பது மிகப் பெரிய சுருக்கம். யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி ஏற்பாடு வேண்டாம், தனித்தனி நுழைவுச் சொற்கள் வேண்டாம், இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால் என்னாகும் என்ற கவலையும் வேண்டாம்.

நின்று பேசும் இடத்திலேயே உங்கள் கைபேசியில் சிக்னலையும் பாருங்கள். பார்சல் கட்டும் பின்னறையில் சிக்னல் இல்லை, மழைக்காலத்தில் மின்சாரம் போனால் வைஃபையும் இல்லை என்றால், இணையம் இருந்தால்தான் திறக்கும் எந்த ஏற்பாடும் அந்தக் கடைக்கு உதவாது. மாதிரிக் கடையில் ஆர்டரைப் பதியக் கூகுள் ஃபார்மை எடுக்காமல் விட்டதற்கு இதுவே காரணம்: அது இணையம் இல்லாமல் பதிவை ஏற்காது. கூகுள் ஷீட்ஸின் கைபேசிச் செயலியிலோ ஒரு கோப்பை ஆஃப்லைனிலும் கிடைக்கும்படி குறித்து வைக்கலாம்; அப்போது இணையம் இல்லாத நேரத்தில் எழுதியது பிறகு தானாகச் சேர்ந்துகொள்ளும். இந்தச் செய்தி எந்தத் தேவைப் படிவத்திலும் வராது. பின்னறைக்குப் போய் நின்றால்தான் தெரியும்.

மூன்றாம் கேள்வி: எத்தனை?

"நிறைய வருது தம்பி" என்பதை எண்ணாக மாற்றுங்கள். அவரிடம் கேட்டு எழுதாமல், வாட்ஸ்அப்பைத் திறந்து கடந்த முப்பது நாளின் ஆர்டர்களை இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். மாதிரிக் கடையில் சாதாரண நாளில் நான்கைந்து ஆர்டர், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நாளுக்கு இருபது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வரிகள். ஒரு விரிதாள் இதைச் சிரமமின்றித் தாங்கும். இதற்குத் தரவுத்தளம், சர்வர், மாத வாடகை எதுவும் தேவையில்லை.

எண்ணும்போதே வேறு சில செய்திகளும் கிடைக்கும். ஆர்டர்களில் பெரும்பகுதி டீத்தூளும் தைலமுமே என்பது தெரியவரும். சாக்லேட் ஏன் குறைவு என்று கேட்டால், "வெயில் காலத்துல மெட்ராசுக்கு அனுப்புனா உருகிப்போயிரும், அதனால ஏப்ரல், மே மாசத்துல சாக்லேட் பார்சல் எடுக்கறதில்ல" என்பார். இப்படி அவர் தலைக்குள் இருக்கும் விதி ஒவ்வொன்றையும் மென்பொருளில் எழுதிவிடப் புதியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். எழுத வேண்டாம். ஆர்டரை வாசித்து எழுதுபவர் உரிமையாளரின் மனைவி. அவருக்கு அந்த விதி தெரியும். வாடிக்கையாளரே நேரடியாக ஆர்டர் பதியும் நாள் வந்தால் மட்டும் அந்த விதியை மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும்.

நான்காம் கேள்வி: இது இல்லாவிட்டால் அன்று என்ன செய்வீர்கள்?

முதல் மூன்று கேள்விகளுக்குப் பிறகும் கடைக்காரரிடம் ஆசைப்பட்டியல் இருக்கும். இடையில் கல்லூரியில் படிக்கும் அவருடைய அக்கா மகன் வந்து, "மாமா, டெலிவரி எங்க வந்துட்டிருக்குன்னு மேப்ல காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போவான். அவனோடு வாதிட வேண்டாம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

மேப்: இல்லாவிட்டால் கூரியர்காரர் கொடுக்கும் எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம், அவரே பார்த்துக்கொள்வார். ஆகவே மேப் வேண்டாம், ஆனால் அந்த எண்ணை அனுப்புவது எளிதாக வேண்டும். சரக்கு இருப்பு: இல்லாவிட்டால் அலமாரியைத் திரும்பிப் பார்ப்பார். வேண்டாம். ஆப்பிலேயே பணம் கட்டுவது: இப்போதே கடையின் யுபிஐ எண்ணுக்கு வந்துகொண்டிருக்கிறது. வேண்டாம்.

பில் போடுவதில் மட்டும் சற்று நின்று யோசியுங்கள். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பில் என்பது ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்தானே என்று தோன்றும். ஆனால் வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று சாக்லேட்டுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் பில் ஆப்பில் 18 என்று எழுதியிருந்தால், அன்று காலை கடை திறக்கும் முன் நீங்கள் அதை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அதாவது பில்லைத் தொட்டால், நீங்கள் ஒரு வேலையை முடித்துக் கொடுக்கவில்லை. காலவரையற்ற ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறீர்கள். கடையில் ஏற்கெனவே பில் புத்தகமோ பில் இயந்திரமோ இருந்தால், "இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்" என்பதற்கு விடை கண்முன்னே இருக்கிறது. அதைத் தொடாமல் விடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் "இதுவும் முக்கியம்தான் தம்பி" என்றே பதில் வந்தால், கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "அடுத்த மாசம் ஒண்ணே ஒண்ணுதான் வேலை செய்யும்னா எது வேணும்?" அப்போது மதுரை அம்மாவின் பார்சலே திரும்ப வரும்.

ஐந்தாம் கேள்வி: நான் ஊரில் இல்லாதபோது இதை யார் சரிசெய்வார்கள்?

இதற்கு விடை சுருக்கமானதுதான். ஆனால் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதை அதுவே முடிவுசெய்யும். கடைக்காரரின் மனைவிக்கு வரி ஒன்றைத் திருத்தத் தெரியும் என்றால் விரிதாள் போதும். கணக்கு கடையின் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும், உங்களுடையதில் அன்று. நீங்கள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாலும் கடை ஓட வேண்டுமல்லவா?

ஒரு தாளில் எழுதுவது

கேள்விகள் முடிந்த அன்றே, விலையைச் சொல்லும் முன், ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். நம் கடைக்கு அது இப்படி இருக்கும்:

"வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைக் கடையின் கைபேசியில் எழுதிவைக்க ஒரு பதிவேடு. பணம் வந்தும், ஆர்டர் தேதியிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் அனுப்பாமல் இருக்கும் ஆர்டர் சிவப்பாகத் தெரியும். பார்சல் எண்ணை ஓரிரு தொடலில் வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். இதில் வராதவை: பில், ஜிஎஸ்டி, சரக்கு இருப்பு, வாடிக்கையாளருக்கான ஆப், ஆன்லைன் பணம் வாங்குதல். முடியும் நாள்: இன்றிலிருந்து பத்து நாள். அதன் பிறகு ஒரு மாதம் திருத்தங்கள் இந்தத் தொகைக்குள் அடங்கும். புதிதாகச் சேர்ப்பது தனி."

இந்தத் தாளில் "இதில் வராதவை" என்ற வரிதான் மிக முக்கியமானது. செய்யப்போவதை மட்டும் எழுதினால், எழுதாத அனைத்தும் அடங்கும் என்றே எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். அதில் அவர்மேல் தவறும் இல்லை. தாளை அவர் மனைவியும் படிக்கட்டும். தினமும் எழுதப்போகிறவர் அவர்தான். "இதுல முகவரி எங்க எழுதறது" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி உங்களுக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

தொகையைப் பற்றி ஒன்று. வேலை சிறுத்துவிட்டதே, வருமானமும் சிறுத்துவிடுமே என்று தயங்க வேண்டாம். பெரிய ஆப்புக்கு ஒப்புக்கொண்டு பாதியில் நின்றால் வரும் தொகை இதைவிடக் குறைவு.

கட்டுவது

ஒரு கூகுள் ஷீட். முதல் வரியில் தலைப்புகள்: A ஆர்டர் தேதி, B பெயர், C கைபேசி எண், D பின்கோடுடன் முகவரி, E பொருள், F தொகை, G பண எண், H நிலை, I பார்சல் எண், J தகவல். அவ்வளவுதான்.

H நெடுவரிசையில் எழுத விடாமல், தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வையுங்கள்: "வந்தது", "பணம் கிடைத்தது", "அனுப்பியது". மூன்றே நிலைகள். "கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று நான்காவது ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதை மாற்ற யாருக்கும் நினைவிருக்காது, பதிவேடு பொய் சொல்லத் தொடங்கும்.

G நெடுவரிசைதான் அந்த இரண்டு 640 ரூபாய்க் குழப்பத்துக்கு மருந்து. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று உண்டு. அதன் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதினால் போதும். எண்ணை வாடிக்கையாளர் அனுப்பும் படத்திலிருந்து எடுத்தாலும், கடையின் சொந்தக் கணக்கில் அதே எண்ணோடு பணம் வந்திருப்பதைப் பார்த்த பிறகே "பணம் கிடைத்தது" என்று மாற்ற வேண்டும். போலிப் படங்கள் வருவது உண்டு. இந்தப் பழக்கத்தை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

சிவப்பு நிறத்துக்கு, தாளின் அடியில் வரிகளைச் சேர்த்து மொத்தம் 2500 ஆக்கிக்கொண்டு, A2 முதல் I2500 வரை தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் இந்தச் சூத்திரத்தைக் கொடுங்கள்:

```
=AND($H2="பணம் கிடைத்தது",TODAY()-$A2>2)
```

A நெடுவரிசையில் உண்மையான தேதி இருந்தால்தான் இது வேலை செய்யும். "நேற்று" என்றோ "12ந்தேதி" என்றோ எழுதிவிட்டால் அந்த வரி ஒருபோதும் சிவக்காது. ஆகவே அந்த நெடுவரிசையில் தேதி தவிர வேறெதையும் ஏற்காதபடி சரிபார்ப்பு வைத்துவிடுங்கள்.

பார்சல் எண்ணை அனுப்ப, J2வில் இதை எழுதி 2500ஆம் வரி வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(I2="","",HYPERLINK("https://wa.me/91"&RIGHT(SUBSTITUTE(C2," ",""),10)&"?text="&ENCODEURL("உங்கள் பார்சல் அனுப்பப்பட்டது. எண்: "&I2),"தகவல் அனுப்பு"))
```

பார்சல் எண்ணை எழுதியவுடன் அந்த வரியில் "தகவல் அனுப்பு" என்று இணைப்பு ஒன்று தோன்றும். தொட்டால் அந்த வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் உரையாடல் செய்தியோடு திறக்கும். அனுப்பும் பொத்தானை மட்டும் கையால் அழுத்த வேண்டும். நடுவில் உள்ள RIGHT, SUBSTITUTE எதற்கென்றால், வாட்ஸ்அப்பிலிருந்து எண்ணை நகலெடுக்கும்போது முன்னால் +91ம் இடையில் இடைவெளியும் சேர்ந்துவரும். இடைவெளியை நீக்கிக் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் அவை எடுத்துக்கொள்கின்றன. C நெடுவரிசையை வெறும் உரை வடிவத்துக்கு மாற்றிவையுங்கள். இல்லையென்றால் + குறியை ஷீட்ஸ் கணக்காக எடுத்துக்கொள்ளக்கூடும். வெளிநாட்டு எண்ணுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதனால்தான் மூன்றாம் கேள்வியின்போது வெளிநாட்டு ஆர்டர் ஏதாவது உண்டா என்று கவனித்திருக்க வேண்டும்.

கடைசியாக, கடையின் கைபேசியில் கோப்பை ஆஃப்லைனுக்குக் குறித்துவிட்டு, விமானப் பயன்முறையைப் போட்டு, பின்னறையில் நின்று ஒரு வரியை அவர் மனைவியையே எழுதச் சொல்லுங்கள். வெளியே வந்து இணையத்தைத் திரும்ப இணைத்தவுடன் அந்த வரி உங்கள் கணினியில் தெரிந்தால் வேலை முடிந்தது.

சுருக்கியது சரியா என்று அறிவது

இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போய், "எப்படி இருக்கு" என்று கேட்காமல் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கேட்டால் "நல்லாருக்கு தம்பி" என்றுதான் வரும். மலையில் நமக்கு மரியாதை அதிகம்.

நிலை நெடுவரிசையில் எல்லாமே "வந்தது" என்று நின்றுவிட்டிருந்தால், பணத்தைச் சரிபார்ப்பவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆட்கள் என்று பொருள். இரண்டாம் கேள்விக்குக் கிடைத்த விடை முழுமையாக இல்லை; உரிமையாளரின் கைபேசிக்குத்தான் பண அறிவிப்பு வருகிறது போலும். மேசையில் பழைய நோட்டு மறுபடி முளைத்திருந்தால், அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பதிவேட்டில் இல்லாத ஒரு நெடுவரிசை அங்கே இருக்கும். "அரை கிலோ மாற்றி அனுப்ப வேண்டும்" போன்ற குறிப்புகள் இருந்தால், K நெடுவரிசையில் குறிப்பு என்று சேர்த்துவிடலாம். அது ஐந்து நிமிட வேலை. நீங்கள் வெட்டியெறிந்த ஒன்றை அவர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே சுருக்கம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துபோனால், அது ஆசைப்பட்டியலைச் சேர்ந்தது.

இதே ஐந்து கேள்விகள் எல்லா இடத்திலும் விரிதாளில் போய் முடியும் என்று எண்ண வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் இதே வாக்கியத்தோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சிக்கல் என்ன என்று கேட்டால், மழையில் நனைந்த இலைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதில் ஒரு விவசாயியோடு மாத முடிவில் வந்த தகராறு என்பார். யார் எழுதுவார்கள் என்றால், வெவ்வேறு ஊர்களில் நின்று எடை போடும் மூன்று பையன்கள். பல இடங்களில் சிக்னல் இல்லை. ஒரே தாளில் மூன்று பேர் இணையம் இல்லாமல் எழுதி, பிறகு சேரும்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியது மூடிவிட்டால், அது நேராகப் பணத் தகராறாக முடியும். இங்கே ஒவ்வொரு எடையும் அழிக்க முடியாத தனிப் பதிவாக நிற்க வேண்டும், விவசாயியின் கையில் அப்போதே ஒரு சீட்டும் போக வேண்டும். இதற்கு உண்மையிலேயே ஓர் ஆப் கட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் முதல் மாதத்துக்கு ஓர் ஊர், ஒரு பையன், எடையும் கழிவும் மட்டும் என்று தொடங்கி, மாத முடிவில் ஏஜெண்டின் பழைய நோட்டுக் கணக்கோடு ஒத்துப்பார்த்த பிறகே மற்ற இரண்டு ஊர்களுக்கு விலை சொல்லுங்கள்.